‘வந்ததுவா?’, ‘அவனாக் கேட்டான்?’, ‘எப்போது வருவீர்களா?’: வினா ஈறு பிசகும் இடங்களும் சரிபார்க்கும் முறையும்

தமிழில் வினாப்பொருள் தரும் எழுத்துகளாக நன்னூல் ஐந்தைச் சொல்கிறது. எ, யா என்பவை சொல்லின் முதலில் வரும். ஆ, ஓ என்பவை இறுதியில் வரும். ஏ இரண்டு இடத்திலும் வரும். இன்றைய உரைநடையில் இறுதி ‘ஏ’ பெரும்பாலும் அழுத்தத்துக்கே பயன்படுகிறது. ‘அவனே சொன்னான்’ என்றால் யாரும் அதைக் கேள்வியாகப் படிப்பதில்லை. இறுதி ‘ஓ’ ஐயத்தைக் காட்டுகிறது. ஆம், இல்லை என்று பதில் வேண்டும் கேள்விகளைப் பெரும்பாலும் தாங்குவது ‘ஆ’ ஒன்றுதான். பிழைகளும் அதைச் சுற்றித்தான் மிகுதி. அதனால் இங்கே ‘ஆ’வை மையமாக வைத்து, கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கி, காரணத்துக்கும் திருத்தத்துக்கும் போகலாம்.

அறிகுறி 1: சேர்ந்த இடத்தில் எழுத்து பொருந்தாமல் நிற்கிறது

‘வந்தான் ஆ?’, ‘இல்லைஆ?’, ‘வந்ததுவா?’, ‘அதா?’, ‘கலா?’ (கல்லைக் குறித்த கேள்வியாக) என்பவை இந்த வகை. ‘ஆ’ தனிச்சொல் அன்று. இடைவெளி விட்டோ கோடு போட்டோ எழுதக் கூடாது. முன்சொல்லின் கடைசி ஒலியோடு அது புணர்ந்தே ஆக வேண்டும். எப்படிப் புணரும் என்பதை அந்தக் கடைசி ஒலிதான் முடிவு செய்கிறது. ஆகவே சரிபார்க்கும்போது முதல் வேலை, ஈற்றைக் கழற்றி முன்சொல்லைத் தனியே எழுதிப் பார்ப்பது.

முன்சொல் மெய்யில் முடிந்தால் வேலை எளிது. அந்த மெய்யின் மேல் ‘ஆ’ ஏறும். அவன் + ஆ = அவனா, வரும் + ஆ = வருமா, வந்தீர்கள் + ஆ = வந்தீர்களா. இங்கே ஒரே ஒரு கவனம் வேண்டும். முன்சொல் ஒரே குறிலும் ஒரு மெய்யுமாக இருந்தால் அந்த மெய் இரட்டிக்கும். கல் – கல்லா, மண் – மண்ணா, பொய் – பொய்யா, சொல் – சொல்லா. கடன்சொற்களும் இதற்கு அடங்குகின்றன: பஸ் – பஸ்ஸா, பில் – பில்லா. நெடிலுக்குப் பின் வரும் மெய்யும், இரண்டு மூன்று எழுத்துகளுக்குப் பின் வரும் மெய்யும் இரட்டிக்காது. பால் – பாலா, நான் – நானா, கடல் – கடலா, அவள் – அவளா.

முன்சொல் உயிரில் முடிந்தால் நடுவில் ஓர் உடம்படுமெய் தேவை. இ, ஈ, ஐ என்பவற்றின் பின் ‘ய்’ வரும்: தம்பியா, தீயா, மழையா. அ, ஆ, ஊ, ஓ என்பவற்றின் பின் ‘வ்’ வரும்: கூடவா, அம்மாவா, பூவா, ரேடியோவா. ஏ-யில் முடியும் சொல்லுக்குப் பேச்சிலும் எழுத்திலும் ‘ய்’தான் பழக்கம்: இங்கேயா, அங்கேயா.

‘ஐ’யில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பேச்சில் சொல்லின் இறுதி ஐகாரம் குறுகி ஒலிப்பதால், ‘இல்லயா’, ‘வேலயா’ என்று எழுதிவிடுகிறார்கள். ஈற்றைக் கழற்றினால் ‘இல்ல’, ‘வேல’ என்று மிஞ்சும். எழுத்துத் தமிழில் அப்படிச் சொல் இல்லை. இல்லை, வேலை என்பவையே முன்சொற்கள். ஆகவே இல்லையா, வேலையா.

இனி உகரம். சேர்க்கைப் பிழைகளில் பெரும்பங்கு இதில்தான் நடக்கிறது, ஏனென்றால் உகரத்துக்கு இரண்டு நடத்தை உண்டு. சில சொற்களில் அது தேய்ந்து போய் ‘ஆ’வுக்கு இடம் விடும். சிலவற்றில் போகாமல் நின்று ‘வ்’ கேட்கும். குற்றியலுகரம், முற்றியலுகரம் என்று இலக்கணம் பிரிப்பது இதைத்தான். நடைமுறையில் எழுத்தை எண்ணினாலே போதும். மெய்யெழுத்தையும் சேர்த்து எண்ணுங்கள். சொல் இரண்டே எழுத்தாக இருந்து முதல் எழுத்து குறிலாக இருந்தால் உகரம் போகாது: அது – அதுவா, இது – இதுவா, பசு – பசுவா, தெரு – தெருவா, குழு – குழுவா, மனு – மனுவா. மற்றபடி உகரம் போய்விடும்: வீடு – வீடா, நேற்று – நேற்றா, பத்து – பத்தா, எழுத்து – எழுத்தா, உண்டு – உண்டா, வந்தது – வந்ததா, இருக்கிறது – இருக்கிறதா.

‘உணவு’, ‘செலவு’, ‘கதவு’ போன்றவை இலக்கணப்படி குற்றியலுகரம் அல்ல, ஏனென்றால் கடைசி உகரம் வல்லின மெய்யின் மேல் ஏறவில்லை. ஆனாலும் சில இடங்களில் முற்றியலுகரமும் இப்படிக் கெடும் என்று நன்னூலே இடம் விட்டிருக்கிறது. உணவா, செலவா, கதவா என்பதே வழக்கு. எழுத்தெண்ணும் முறை இவற்றுக்கும் பொருந்துகிறது. பொருந்தாத ஒரு கூட்டம் ஆட்பெயர்கள். ராமு, பாபு என்பவற்றின் முதல் எழுத்து நெடில்தான். ஆனால் உகரத்தைக் கெடுத்து ‘ராமா’, ‘பாபா’ என்று எழுதினால் பெயரே மாறிவிடும். ராமுவா, பாபுவா என்றே எழுத வேண்டும்.

‘அது’வோடு தடுமாறுபவர்கள் ‘வந்தது’விலும் தடுமாறுவது இயல்பு. இரண்டும் ‘து’வில்தான் முடிகின்றன. ‘அதுவா’ சரி என்று தெரிந்த கை, அதே வேகத்தில் ‘வந்ததுவா’ என்று எழுதிவிடுகிறது. எண்ணிப் பார்த்தால் குழப்பம் தீரும். ‘அது’ இரண்டு எழுத்து. ‘வந்தது’ நான்கு. ‘ஓ’ சேர்த்தாலும் இதே கணக்குதான்: அது + ஓ = அதுவோ, வந்தது + ஓ = வந்ததோ. ‘அதோ’ என்று எழுதினால் அது தொலைவில் உள்ளதைச் சுட்டிக் காட்டும் வேறு சொல். ‘அதோ காரணம்?’ என்ற வரியில் ஆசிரியர் நினைத்தது ‘அதுவோ காரணம்?’ என்பதாக இருக்கலாம். படிப்பவர் திரும்பித் தூரத்தில் பார்ப்பார்.

அறிகுறி 2: ஈற்றுக்குப் பின் ஒற்று மிகுந்திருக்கிறது

‘அவனாக் கேட்டான்?’, ‘நீயாச் சொன்னாய்?’, ‘நேற்றாப் போனார்கள்?’ என்று எழுதுவது, வல்லினம் மிகும் இடங்களை அக்கறையோடு கற்றவர்களிடமே மிகுதி. உயிரெழுத்தில் முடியும் சொல்லுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்றுப் போட வேண்டும் என்ற பழக்கம் இங்கேயும் கையை இழுக்கிறது. ஆனால் வினாவாக ஈற்றில் நிற்கும் ஆ, ஏ, ஓ முன் வல்லினம் மிகாது. விளிப்பெயரையும் இதோடு சேர்த்தே நன்னூல் விலக்குகிறது. ‘கண்ணா கேள்’ என்பதிலும் ஒற்று இல்லை. ஆகவே அவனா கேட்டான்? நீயா சொன்னாய்? நேற்றா போனார்கள்? அவனோ கொடுத்தான்?

இதை வெறும் விதியாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. ஒற்று வந்தால் பொருளே திரும்பிவிடும். ‘அவனாச் சொன்னான்’ என்பதை ‘அவனாகச் சொன்னான்’ என்பதன் பேச்சு வடிவமாகத்தான் வாசிப்போம். யாரும் தூண்டாமல் தானாகவே சொன்னான் என்று பொருள். ‘அவனா சொன்னான்?’ என்பதோ, சொன்னவன் அவன்தானா என்ற கேள்வி. அதேபோல் ‘தீராத் துயர்’ என்பதில் ஒற்று மிகுகிறது, ஏனென்றால் அங்குள்ள ‘ஆ’ வினா அன்று. ‘தீராத’ என்பதன் ஈறு கெட்ட வடிவம் அது. ஆக, ஒரு சொல் ‘ஆ’வில் முடிகிறது என்பதாலேயே அது வினா ஆகிவிடாது. அந்த இடத்தில் ‘ஆத’ அல்லது ‘ஆக’ என்று விரித்துப் பாருங்கள். விரித்ததும் வாக்கியம் நின்றால் ஒற்று வேண்டும். விரிக்க முடியாமல் கேள்வியாகவே நின்றால் ஒற்று வேண்டாம்.

‘வந்தானா எனக் கேட்டார்’ என்பதில் ‘க்’ வருகிறதே என்று ஐயப்பட வேண்டாம். அந்த ஒற்று ‘என’ என்ற சொல்லின் பின் வந்தது. ‘ஆ’வின் பின் ஒன்றும் இல்லை.

அறிகுறி 3: எழுத்து சரி, ஆனால் கேட்டது ஒன்று, பதில் வேறொன்று

இதில் எழுத்துப்பிழையே இருக்காது. பிழைதிருத்தியில் போட்டாலும் சிவப்புக் கோடு வராது. கோளாறு இடத்தில்.

‘ஆ’ எந்தச் சொல்லோடு சேர்கிறதோ அந்தச் சொல்தான் கேள்விக்கு உள்ளாகிறது. மற்றவை தெரிந்த செய்தியாக நிற்கும். இந்த நான்கையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்:

நீங்கள் நேற்று நூலகத்துக்குப் போனீர்களா?
நீங்கள் நேற்று நூலகத்துக்கா போனீர்கள்?
நீங்கள் நேற்றா நூலகத்துக்குப் போனீர்கள்?
நீங்களா நேற்று நூலகத்துக்குப் போனீர்கள்?

முதலாவது பொதுக் கேள்வி. போனது நடந்ததா என்பதே தெரியாது. இரண்டாவதில் எங்கோ போனது தெரியும், இடம்தான் ஐயம். மூன்றாவதில் நாள் ஐயம். நான்காவதில் ஆள் ஐயம். ‘ஆ’ வேறு சொல்லுக்கு நகர்ந்ததும் வினைமுற்று வெறுமையாகிவிடுவதையும் கவனியுங்கள். ‘நீங்களா நேற்று நூலகத்துக்குப் போனீர்களா?’ என்று இரண்டிலும் வைத்தால் வாக்கியம் தள்ளாடும். இரண்டாவது வரியில் ‘நூலகத்துக்கா போனீர்கள்’ என்பதில் ‘ப்’ மறைந்ததற்குக் காரணம் அறிகுறி 2-இல் சொன்னதுதான்.

சரிபார்க்க ஒரு சோதனை போதும். கேள்விக்கு ‘இல்லை’ என்று தொடங்கும் பதிலை நீங்களே எழுதுங்கள். ‘இல்லை, முந்தாநாள்’ என்பது நீங்கள் எதிர்பார்க்கும் பதில் என்றால், ‘ஆ’ நேற்றின் மேல் இருக்க வேண்டும். ‘இல்லை, என் தங்கை’ என்றால் ‘நீங்கள்’ மேல். ‘இல்லை, போகவில்லை’ என்றால் வினைமுற்றின் மேல். பதிலில் எந்தச் சொல் மாற்றப்படுகிறதோ அதுவே ‘ஆ’வின் இடம்.

ஆனால் எல்லாச் சொல்லும் ‘ஆ’வை ஏற்காது. பெயரடைக்கும் பெயரெச்சத்துக்கும் அது நேராக ஒட்டாது. ‘இல்லை, நீலம்’ என்பது பதில் என்றால் கேள்வி ‘சிவப்பா சட்டை வாங்கினாய்?’ என்று வராது. அடையைச் சுமக்கும் பெயரின் மேல் வைக்க வேண்டும்: ‘சிவப்புச் சட்டையா வாங்கினாய்?’ ‘நேற்று வந்த பையன்’ என்பதில் நாளைக் கேள்வியாக்க வேண்டுமானாலும் ‘நேற்று வந்த பையனா?’ என்றுதான் கேட்க முடியும். அழுத்தம் நாளின் மேல் விழ வேண்டுமென்றால் ‘அந்தப் பையன் நேற்றா வந்தான்?’ என்று வாக்கியத்தையே மாற்றுவது நல்லது.

வேற்றுமை உருபு இருந்தால் ‘ஆ’ அதற்கும் வெளியே, கடைசியில் நிற்கும்: அவனுக்கா, அவனையா, வீட்டிலா. ‘உம்’, ‘தான்’, ‘மட்டும்’ சேர்ந்திருந்தால் அவற்றுக்கும் பின்னால்: அவனுக்குமா, அவன்தானா, அவனுக்கு மட்டுமா. ‘அவனாதான்’ என்று வரிசை மாறினால் கேள்வி அழிந்து, ‘அவனாகத்தான்’ என்பதன் பேச்சு வடிவமாகக் காதில் விழும்.

அறிகுறி 4: ஒரே வாக்கியத்தில் இரண்டு வினா

‘எப்போது வருவீர்களா?’, ‘யார் வந்தார்களா?’, ‘எங்கே இருக்கிறதா?’ ஆகியவற்றில் வினாச்சொல்லும் வினா ஈறும் மோதுகின்றன. எப்போது என்று கேட்டால் பதில் ஒரு நேரம். வருவீர்களா என்று கேட்டால் பதில் ஆம் அல்லது இல்லை. ஒரே கேள்விக்கு இரண்டு பதில்களையும் யாராலும் கொடுக்க முடியாது.

திருத்துவதற்கு முன் எந்தப் பதில் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். நேரம் வேண்டுமென்றால் ‘ஆ’வை எடுங்கள்: ‘எப்போது வருவீர்கள்?’ ஆம், இல்லை வேண்டுமென்றால் வினாச்சொல்லோடு ‘ஆவது’ சேர்த்து அதை வினா அல்லாததாக்குங்கள்: ‘எப்போதாவது வருவீர்களா?’, ‘யாராவது வந்தார்களா?’, ‘எங்கேயாவது இருக்கிறதா?’ ‘யாரோ வந்தார்கள்’ என்றால் அது கேள்வியே அல்ல. வந்தவர் இன்னார் என்று தெரியவில்லை என்ற செய்தி அது.

இரண்டும் சேர்ந்து நிற்கும் முறையான இடங்களும் இருக்கின்றன, அவற்றைப் பிழை என்று வெட்டிவிடக் கூடாது. ‘யார் வந்தார்கள் என்று தெரியுமா?’ என்பதில் ‘யார்’ உள்வாக்கியத்தைச் சேர்ந்தது, ‘ஆ’ வெளிவாக்கியத்தைச் சேர்ந்தது. கேட்ட கேள்வியைத் திருப்பிச் சொல்லும்போதும் வினாச்சொல்லே ‘ஆ’ ஏற்கும்: ‘எப்போது வந்தாய்?’ ‘எப்போதா? நேற்றுதான்.’

இதன் மறுபக்கப் பிழை, தேவையான இரண்டில் ஒன்றை விடுவது. ‘இது சரியா அல்லது தவறு?’ என்று எழுதுகிறார்கள். தெரிவு கேட்கும்போது இரு பக்கமும் ஈறு வேண்டும்: ‘இது சரியா, தவறா?’ ‘அல்லது’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டாவது ‘ஆ’ போகாது. உண்மையில் இரு ‘ஆ’வே தெரிவைக் காட்டிவிடுவதால் ‘அல்லது’ பல இடங்களில் மிகையாகத்தான் இருக்கிறது.

அறிகுறி 5: கண்ணுக்குச் சரி, தேடினால் கிடைக்கவில்லை

ஆவணத்தில் ‘அவனா’ என்று கண்ணுக்குத் தெரிகிறது, தேடல் பெட்டியில் அடித்தால் வரவில்லை. பெரும்பாலும் காலுக்குப் பதில் ரகரம் விழுந்திருக்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும், ஆனால் குறியெண்கள் வேறு.

```
ா  U+0BBE   கால் (அவனா)
ர  U+0BB0   ரகரம் (அவனர)
ோ  U+0BCB   நெடில் (அவனோ)
ொ  U+0BCA   குறில் (அவனொ)
```

ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றிய பக்கங்களில் இந்தக் கால்–ரகர மாற்றம் அடிக்கடி நடக்கும். ‘ர?’ என்று தேடினால் கேள்விக்குறிக்கு முன் சிக்கிய ரகரங்கள் வெளியே வரும். அவை எல்லாமே பிழையாகத்தான் இருக்கும் என்றில்லை, ஆனால் ஒவ்வொன்றையும் நின்று பார்க்க வேண்டியவை. அதே சமயம் ‘ ஆ?’ என்று முன்னால் ஓர் இடைவெளியோடும் தேடிவிடுங்கள். புணராமல் தனியே நிற்பவை அகப்படும்.

‘ஓ’வில் இன்னொரு வழுக்கல். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் விரல் தவறினால் ‘வருவானோ’ ‘வருவானொ’ ஆகிவிடும். வினாவுக்கு நெடில் ‘ஓ’ மட்டுமே உரியது. ஈற்றில் குறில் ‘ஒ’ கண்டால் தயங்காமல் திருத்தலாம்.

கேள்விக்குறி பற்றிச் சுருக்கமாக

‘ஆ’ இருக்கிறது என்பதற்காகக் கேள்விக்குறி வந்துவிடாது. ‘அவன் வந்தானா என்று தெரியவில்லை’ என்பது செய்தி வாக்கியம், முற்றுப்புள்ளி போதும். ‘வந்தானா என்று தெரியுமா?’ என்பதில் கேள்விக்குறி வெளி வினாவுக்காக வருகிறது. ஒருவர் கேட்டதை அப்படியே மேற்கோளில் தந்தால் குறி மேற்கோளுக்குள் நிற்கும்: “வந்தாயா?” என்று கேட்டார்.

ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

ஒரு கடிதத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

‘விண்ணப்பத்தை எப்போது அனுப்பினீர்களா? அதில் கையெழுத்து இருந்ததுவா? நீங்களாக் கொண்டுவந்தீர்கள் அல்லது அஞ்சலில் அனுப்பினீர்களா? ரசீது கிடைத்ததா என்று தெரிவிக்கவும்?’

முதல் வரியில் இரண்டு வினா. கடிதம் எழுதியவருக்குத் தேதிதான் தேவை என்பது அடுத்தடுத்த கேள்விகளிலிருந்து தெரிகிறது. அனுப்பியதே ஐயமாக இருந்தால் கையெழுத்தைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார். எனவே ‘ஆ’ போகிறது: எப்போது அனுப்பினீர்கள்?

இரண்டாவதில் ஈற்றைக் கழற்றினால் ‘இருந்தது’. இரண்டெழுத்துக்கு மேல் உள்ளதால் உகரம் கெடும்: இருந்ததா?

மூன்றாவது வரியில் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. ‘நீங்களாக்’ என்பதில் ஒற்று மிகை. அதை மட்டும் எடுத்து ‘நீங்களா கொண்டுவந்தீர்கள்’ என்று வைத்தால் கேள்வி ஆளைப் பற்றியதாகிவிடும். ‘இல்லை’ சோதனையைப் போடுங்கள். எதிர்பார்க்கும் பதில் ‘இல்லை, என் தம்பி’ அன்று, ‘இல்லை, அஞ்சலில்’ என்பது. ஆக ஐயம் வந்த வழியைப் பற்றியது. இரு பக்கமும் வினைகள் வேறு என்பதால் ‘ஆ’ இரண்டு வினைமுற்றின் மேலும் ஏறும். ‘நீங்களாக’ என்று எழுத நினைத்தது உண்மையில் ‘நேரில்’ என்பதைத்தான். ஆகவே: நேரில் கொண்டுவந்தீர்களா, அஞ்சலில் அனுப்பினீர்களா?

நான்காவது வேண்டுகோள். ‘கிடைத்ததா’ உள்ளே நிற்கும் வினா மட்டுமே. கேள்விக்குறி போய் முற்றுப்புள்ளி வருகிறது.

‘விண்ணப்பத்தை எப்போது அனுப்பினீர்கள்? அதில் கையெழுத்து இருந்ததா? நேரில் கொண்டுவந்தீர்களா, அஞ்சலில் அனுப்பினீர்களா? ரசீது கிடைத்ததா என்று தெரிவிக்கவும்.’